பாதியில் போன இரங்கல் செய்தி

மேடம், வணக்கம். நான் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். முன்பு என்னோடு வேலை பார்த்த தங்கை மாதிரியான ஒரு பெண்ணின் அப்பா 12 நாள் முன்னால் இறந்துவிட்டார். வீடு மேற்கு மாம்பலத்தில். அன்றைக்கு ஆபீசில் ஆடிட், போக முடியவில்லை. சாயங்காலம் கேப்பில் வரும்போது வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தேன். "இப்பதான் கேள்விப்பட்டேன்பா. மனசே ஆறல. முதல் தடவை உங்க வீட்டுக்கு வந்தப்போ அப்பா" என்று டைப் செய்திருந்தபோது வண்டி பிரேக் போட, விரல் பட்டு அப்படியே போய்விட்டது. உடனே புளூ டிக் வந்துவிட்டது. எனக்குக் கை ஓடவில்லை. அந்த முதல் தடவை நல்ல மழை. துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்கிறது என்று அவர் குடையோடு என்னைச் சுற்று வழியில் கூட்டிப்போய், பஸ் வரும்வரை நின்றார். அதைத்தான் எழுத வந்தேன். அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து பதில்: "தேங்க்ஸ்கா. அப்பாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். நீங்க வந்துட்டுப் போனா, பஸ் ஏறிட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பார். அம்மா இப்போ பரவாயில்லை. நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க." நான் ஒரு கும்பிடு எமோஜி மட்டும் போட்டேன். பாதி செய்தி அனுப்பியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்டு முழுசாக அனுப்பட்டுமா? அழித்துவிடட்டுமா? அவள் என்ன நினைத்திருப்பாள்?

அன்புள்ள வாசகிக்கு,

மன்னிப்புச் செய்தி வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த மழை நாளை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். எப்போது, எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவள் எழுதிய பதிலை இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். நீங்கள் உங்கள் செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அவள் எழுதியதில் இருக்கிறது.

துக்க வீட்டிலிருந்து வரும் பதில்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "நன்றி", "ரொம்ப நன்றி அங்கிள்", "16ஆம் தேதி காரியம், வந்துடுங்க" என்று ஒன்றை டைப் செய்து, அதையே நகலெடுத்து எல்லோருக்கும் போடுவார்கள். அதில் தப்பே இல்லை, வேறு வழியும் இல்லை. உங்களுக்கு வந்தது அப்படிப்பட்டது இல்லை. "பஸ் ஏறிட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பார்" என்ற வரியை அவள் வேறு யாருக்கும் அனுப்பியிருக்க முடியாது. உங்களை நினைத்து, உங்களுக்காகவே எழுதிய வரி அது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வாக்கியம் "அப்பா" என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவள் பதில், நன்றிக்கு அடுத்து "அப்பாவுக்கு" என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் விட்ட இடத்தில் அவள் எடுத்துக்கொண்டாள். அதோடு, நீங்கள் சொல்ல வந்ததும் அவள் சொன்னதும் ஒரே விஷயம். நீங்கள் அவரைப் பஸ் ஸ்டாப்பில் குடையோடு பார்த்தீர்கள். நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று அவள் பார்த்திருக்கிறாள். அவள் வேண்டுமென்றே அப்படி எழுதினாளா, தானாக வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் செய்தி பாதியில் நின்றது அவள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. பட்டும், அதைக் கேட்கத் தோன்றவில்லை. அதில் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: அக்காவுக்கு மனசு ஆறவில்லை, அக்கா அப்பாவைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறார். அது போதுமாக இருந்திருக்கிறது.

இது உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வது இல்லை. நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாண்டி உள்ளே போகிறோம். ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளின் கையைப் பிடிக்கிறோம். "போன வாரம் கூட மார்க்கெட்ல பார்த்தேனேம்மா..." என்று தொடங்கி அதற்கு மேல் வராமல் நின்றுவிடுகிறோம். "நேத்து சாயங்காலம் கூட போன்ல..." என்று இன்னொருவர் நிறுத்துகிறார். மகள் தலையை ஆட்டுகிறாள், அல்லது "ஆமா, உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தார்" என்கிறாள். யாரும் யாரிடமும் மீதியைக் கேட்பதில்லை. அந்த வீட்டில் முழு வாக்கியம் பேசுகிறவர்கள் சாமான் கொண்டுவந்தவரும், எத்தனை மணிக்கு எடுப்பது என்று கேட்கிறவர்களும்தான். திரும்பும்போது கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம். நீங்கள் நேரில் போயிருந்தால் ஏறக்குறைய அதே இடத்தில்தான் உங்கள் குரலும் நின்றிருக்கும். அவளும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

திரையில் எழுத்தாகப் பார்க்கும்போதுதான் அது குறையாகத் தெரிகிறது. அனுப்பியவருக்குத் தன் செய்தி ஒன்றே ஒன்று. அவளுக்கு அன்று வந்தவை எத்தனை இருந்திருக்கும் என்று பாருங்கள். ஆபீஸ் குரூப், காலேஜ் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் என்று ஒவ்வொன்றிலும் வரிசையாக "ஆழ்ந்த இரங்கல்", "ஓம் சாந்தி", மெழுகுவர்த்தி ஸ்டிக்கர். நடுவில் வீட்டு அட்ரஸ் கேட்டு ஒருவர், லொகேஷன் அனுப்பச் சொல்லி இன்னொருவர், டாக்டர் சர்டிபிகேட்டையும் ஆதார் நகலையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி சித்தப்பா. இதற்கு நடுவேதான் உங்கள் மூன்று வரி போய்ச் சேர்ந்தது. "முதல் தடவை உங்க வீட்டுக்கு வந்தப்போ" என்று அவள் அப்பா நடந்து பேசிக்கொண்டிருந்த ஒரு நாளை ஞாபகப்படுத்திய செய்திகள் அன்று அதிகம் வந்திருக்காது. முழுசாக வந்த பல செய்திகளைவிட அந்தப் பாதிச் செய்தியில் அவருடைய முகம் இருந்தது.

அப்பா இறந்த அன்றைக்கே எப்படி இவ்வளவு பதமாக, என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுத முடிந்தது என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். உள்ளுக்குள் வருத்தம் வைத்துக்கொண்டு மரியாதைக்கு எழுதினாளோ என்ற சந்தேகமும் அதிலிருந்துதான் வருகிறது. நெதர்லாந்தில் இழப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் 1999இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் துறையில் இன்றும் அதை வைத்துத்தான் நிறையப் பேசுகிறோம். துக்கத்தில் இருப்பவர் ஒரே நிலையில் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் இழப்புக்குள் மூழ்கிக் கிடக்கிறார். கொஞ்ச நேரம் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலை பார்க்கிறார், வந்தவர்களுக்குக் காபி போடச் சொல்கிறார், அம்மா மாத்திரை போட்டாளா என்று பார்க்கிறார். பிறகு திரும்ப உள்ளே போகிறார். ஒரே நாளில் பல தடவை இப்படி மாறுவது இயல்பு, அப்படி மாறினால்தான் தாங்கவும் முடியும். உங்களுக்குப் பதில் வந்தது, அவள் தலையைத் தூக்கி நாலு பேரை விசாரிக்க முடிந்த ஒரு நேரத்தில். அந்தப் பதில் உண்மையானது. அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு வார்த்தையும் பேச முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் அதுவும் உண்மைதான்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நீங்கள் இப்போது எதை அனுப்பினாலும், அது அவளுடைய எந்த நேரத்தில் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. பதில் கேட்காத செய்தி என்றால் எந்த நேரத்தில் போனாலும் பரவாயில்லை. பதில் கேட்கும் செய்தி, மோசமான நேரத்தில் போனால் சுமையாகிவிடும். மன்னிப்புச் செய்தியைவிடப் பதில் கேட்கும் செய்தி வேறு எதுவும் இல்லை.

நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று நானே எழுதிப் பார்க்கிறேன். "சாரிப்பா, அன்னிக்கு மெசேஜ் பாதியில போயிடுச்சு, நான் கேப்ல இருந்தேன், எனக்கு அப்புறம் என்ன எழுதறதுன்னே தெரியல, தப்பா நினைச்சுக்காத, எனக்கு மனசே சரியில்ல." இதில் அவள் அப்பா எங்கே இருக்கிறார்? ஒரு இடத்திலும் இல்லை. முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். இதைப் படித்தவுடன் அவள் செய்யக்கூடியது ஒன்றுதான்: "ஐயோ அக்கா, பரவாயில்லைக்கா, இதுக்கெல்லாம் போயி" என்று உங்களைத் தேற்றுவது. மனைவியை இழந்த ஒருவர் ஆலோசனைக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "மேடம், வர முடியலன்னு சாரி சொன்னவங்களுக்கு 'பரவாயில்லை' டைப் பண்ணியே எனக்கு அந்த வாரம் போச்சு. யாராவது அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசுவாங்களான்னு இருந்தது." மன்னிப்புக் கேட்டவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தந்த நேரத்தில் ஆறுதல் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது.

அழிப்பதைப் பற்றி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிஷம்தான் அவகாசம். எல்லோருக்குமாக அழிப்பது என்றால் இரண்டரை நாள் மட்டும். நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள். நல்லதாயிற்று என்றுதான் சொல்வேன். அவகாசம் இருந்து அழித்திருந்தால், உங்கள் வார்த்தைகள் இருந்த இடத்தில் 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நிற்கும். அதற்குக் கீழே அப்பாவைப் பற்றி அவள் எழுதியது எதற்குப் பதில் என்றே தெரியாமல் கிடக்கும். இந்த உரையாடலை அவள் இன்னும் பல மாதங்களுக்குப் பிறகு மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கக்கூடும், நிறையப் பேர் பார்க்கிறார்கள். அப்போது அந்தப் பாதி வரி அங்கே இருக்கட்டும்.

பாதியில் போன செய்தியை உடனே சரிசெய்ய வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்கியம் நின்ற இடத்தால் அர்த்தமே மாறிப்போனால், உதாரணத்துக்கு "அப்பா இப்படிப் போனதுக்கு நீதான்" என்று நின்றுவிட்டால், அடுத்த நிமிஷமே மீதியைப் போட்டுவிட வேண்டும். "நீதான் தைரியமா இருக்கணும்" என்பது வராதவரை அது பழி சொல்வதாகத்தான் இருக்கும். "சனிக்கிழமை பணம்" என்று ஒரு வாக்கு தொங்கினாலும் அப்படித்தான், அதை எதிர்பார்த்து அவர்கள் கணக்குப் போடுவார்கள். இறந்தவர் பெயரோ உறவோ தப்பாகப் போனாலும் ஒரு வரியில் திருத்திவிடலாம். இதற்கெல்லாம் நீளமான விளக்கம் தேவையில்லை, சரியான வார்த்தையை மட்டும் போட்டால் போதும். உங்கள் செய்தி இந்த வகை இல்லை. அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

சரி, அப்படியென்றால் ஏன் இத்தனை நாள் உறுத்துகிறது? உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் போக முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடிட் நாளில் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் எழுந்து வர முடியாது என்பது எனக்கும் தெரியும், அவளும் அதே ஆபீசில் இருந்தவள், அவளுக்கும் தெரியும். ஆனால் மழையில் உங்களை பஸ் ஏற்றிவிட்ட மனிதரை வழியனுப்ப நீங்கள் போகவில்லை என்பதுதான் உள்ளே கிடக்கிறது என்று நினைக்கிறேன். பாதிச் செய்தி என்பது கண்ணுக்குத் தெரிகிற குறை, திரையைத் திறந்தால் அங்கேயே இருக்கிறது. அதனால் மனசு அதைப் பிடித்துக்கொண்டது. அதைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அப்படி ஆகாது. முழுச் செய்தி அனுப்பிய மறுநாள், அதில் வேறு ஒரு குறையை நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். நேரில் போனால்தான் இது தீரும். போக இன்னும் நேரம் கடந்துவிடவில்லை.

இப்போது 12 நாள் ஆகிறது. அந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் என்றால் இந்த நாலு நாளும் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சமையலுக்குச் சொல்வது, ஐயருக்குச் சொல்வது, ஊரிலிருந்து வருகிறவர்களைப் படுக்க வைப்பது என்று ஓடும். காரியத்துக்குக் கூப்பிட்டிருந்தால் போய்விட்டு வாருங்கள், ஆனால் அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து பேச முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பதின்மூன்றாம் நாளிலேயே முடித்துவிடும் வீடு என்றால் கணக்கு இன்னும் முன்னால் வரும், பொதுவான தோழி யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் நீங்கள் போக வேண்டிய நேரம். அதுவரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். காரியம் முடிந்ததும் பெரியப்பா திருச்சி வண்டியைப் பிடிப்பார், அத்தை பெங்களூர் போய்விடுவார், தம்பி இருந்தால் அவனுக்கும் லீவு தீர்ந்திருக்கும். வாடகைப் பாத்திரம் திரும்பப் போயிருக்கும். அம்மாவும் பெண்ணும் மட்டும் மிஞ்சும் அந்த வாரத்தில்தான் துக்கம் உண்மையில் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. என்னிடம் வருகிறவர்கள் பலர் சொல்வது இதைத்தான்: பதினாறு நாளும் எப்படியோ போய்விட்டது, பதினேழாம் நாள் காலையில்தான் ஆள் இல்லை என்பது தெரிந்தது. செய்திகளும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் நின்றுபோகின்றன.

போவதற்கு முதல் நாள் இப்படி ஒரு செய்தி அனுப்பலாம். அப்படியே நகலெடுக்க வேண்டாம், உங்கள் வாய்ப்பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அம்மாவும் நீயும் எப்படி இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்பா. அன்னிக்கு மழையில அப்பா குடையோட என்னை சுத்தி கூட்டிட்டுப் போய், பஸ் வர்ற வரைக்கும் நின்னார். தான் பாதி நனைஞ்சுக்கிட்டு குடையை என் பக்கமே சாய்ச்சுப் பிடிச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரேன். முடியலைன்னா மட்டும் சொல்லு, இல்லன்னா பதில் போட வேண்டாம்."

குடையை யார் பக்கம் சாய்த்துப் பிடித்தார் என்பது நானாகப் போட்டது. உங்களுக்கு உண்மையில் ஞாபகம் இருக்கும் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். அவர் என்ன பேசிக்கொண்டு வந்தார், எந்த பஸ் என்று பார்த்துச் சொன்னாரா, ஜன்னல் சீட் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தாரா, இப்படி ஏதாவது. "உங்க அப்பா தங்கமான மனுஷன்" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவர் சப்வேயைப் பார்த்து வழியை மாற்றினார் என்று உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும். மகளுக்கு அது புதுச் செய்தி. அப்பாவைப் பற்றி இனிமேல் புதிதாக எதுவும் தெரியவராது என்று நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு அவள் பார்க்காத ஒரு அரை மணி நேரத்தைக் கொடுக்கிறீர்கள்.

இந்தச் செய்தியில் பழைய செய்தியைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைப் பாருங்கள். "அன்னிக்கு சொல்ல வந்தது" என்றுகூட ஆரம்பிக்க வேண்டாம். கேள்விக்குறியும் இல்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அவள் உட்கார்ந்து ஒரு பதில் தயார் செய்ய வேண்டும். "நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றால் படித்துவிட்டு வைத்துவிடலாம். "எப்ப வரட்டும்?" என்று கேட்காமல் நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லி, மறுக்க ஒரு வழியும் விட்டிருக்கிறீர்கள். சில வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்க வருவதை விரும்ப மாட்டார்கள், அதனால் ஞாயிறு பாதுகாப்பானது.

போனால் அம்மாவிடம் முதலில் போய் உட்காருங்கள். அந்த மழைக் கதையை அவரிடமும் சொல்லுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கலாம், ஈரத்தோடு வீட்டுக்கு வந்த கணவரைத் திட்டியிருக்கலாம். அவர் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அழுதால் "அழாதீங்கம்மா" என்று சொல்ல வேண்டாம். அவர் உங்கள் எதிரில் அழ முடிகிறது என்றால் நீங்கள் வந்ததற்குப் பலன் இருக்கிறது.

பாதியில் போன செய்தியைப் பற்றி அவளாகவே ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று உங்களுக்குப் பதற்றம் இருக்கும். "அக்கா, அன்னிக்கு என்னமோ எழுத வந்தீங்களே?" என்று கேட்டால், "ஆமாம்பா, வண்டியில வரும்போது கை பட்டுப் போயிடுச்சு. மழைல அப்பா வந்ததைத்தான் எழுத வந்தேன்" என்று சொல்லி விட்டுவிடுங்கள். இரண்டு வாக்கியம் போதும். அவள் கேட்காவிட்டால் நீங்கள் எடுக்கவே வேண்டாம். ஒருவர் தெரிந்தே பெருந்தன்மையாகக் கடந்துபோன ஒன்றை, அவர் முன்னால் திரும்பக் கொண்டுவந்து வைத்தால், அவர் மறுபடியும் அதைக் கடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கிளம்பும்போது "என்ன உதவி வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள், என்ன வேண்டும் என்று யோசிக்கும் தெம்பே அப்போது இருக்காது. உங்களுக்குக் கைவந்த வேலை ஒன்று அந்த வீட்டில் குவிந்து கிடக்கும். இறப்பை மாநகராட்சியில் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவானதும் சான்றிதழைச் சென்னை மாநகராட்சி இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதில் அப்பா பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு இனிஷியல் மாறினாலும் பேங்கில் திருப்பி அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தாசில்தார் ஆபீசிலிருந்து அது வர நாளாகும். அதற்குள் எந்த டெபாசிட்டுக்கு நாமினி இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாமினி இருக்கும் கணக்குகளுக்குப் பொதுவாக இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் போதும்.

"அடுத்த சனிக்கிழமை காலைல வரேன், அப்பா பேங்க் பேப்பர் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வை, நாம உட்கார்ந்து லிஸ்ட் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா இதைச் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். அந்தப் பையைத் திறக்கும்போது பழைய பாஸ்புக் ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து, மடித்து வைத்த மருந்துச் சீட்டு என்று ஏதாவது வரும், வேலை நின்றுபோகும். அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கு லிஸ்ட் முடியாவிட்டால் இன்னொரு சனிக்கிழமை போய் முடித்துக்கொள்ளுங்கள்.